மாடி சோலார் பேனலின் சாய்வுச் சட்டம்: கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

இங்கே எடுத்துக்கொள்ளும் சட்டம், மதுரையில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் 540 வாட் பேனல் ஒன்றைத் தெற்கு நோக்கித் தாங்குவது. பேனலின் நீளம் 2278 மில்லிமீட்டர், அகலம் 1134 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 28 கிலோ. நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்கிறது. தெற்குப் பக்கத்தில் தரையிலிருந்து 300 மில்லிமீட்டர் உயரத்தில் இரண்டு கீல்கள் உள்ளன. அங்கிருந்து பேனலின் சரிவு வழியே 1400 மில்லிமீட்டர் தள்ளி, நீண்டு சுருங்கும் இரண்டு பின்கால்கள் சட்டத்தைத் தாங்குகின்றன. பின்கால்களின் அடி, கீலுக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து 1315 மில்லிமீட்டர் வடக்கே இருக்கிறது. பேனலின் இரு முனைகளும் தாங்கும் இடங்களுக்கு அப்பால் 439 மில்லிமீட்டர் நீண்டு நிற்கும். பல தயாரிப்பாளர்கள் 1400 மில்லிமீட்டர் இடைவெளியில் போல்ட் துளை தருவதால் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தேன். வாங்கிய பேனலின் கையேட்டில் வேறு இடைவெளி இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

பின்காலின் நீளத்தைக் கணக்கிடும் முறை இது. θ சாய்வுக் கோணம், L காலின் நீளம், அளவுகள் மில்லிமீட்டரில்:

```
x = 1400 * cos(θ)
y = 300 + 1400 * sin(θ)
L = sqrt((x - 1315)^2 + y^2)
```

இதன்படி 10 பாகைக்கு 547 மில்லிமீட்டரும் 20 பாகைக்கு 779 மில்லிமீட்டரும் வருகின்றன. இந்த எல்லைக்குள் காலை ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் நீட்டினால் சாய்வு ஒரு பாகை கூடும் என்று நினைவில் வைத்துக்கொண்டால், பட்டறையில் துளை போடும்போது தவறு நேராது.

அறிகுறி: வெயில் நன்றாக அடித்தும் ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் உற்பத்தி குறைகிறது

பேனலைத் துடைத்த பிறகும் குறைவு நீடித்தால், முதலில் பார்க்க வேண்டியது பருவத்துக்கும் சாய்வுக்கும் உள்ள பொருத்தம். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே நிற்கும். ஏப்ரல் நடுவில் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கே இருக்கும். ஜூன் 21 அன்று அது 13.5 பாகை வடக்கே போய்விடுகிறது. வட இந்தியாவுக்கென எழுதிய குறிப்புகளை நம் ஊரில் அப்படியே பின்பற்றினால் தவறு நேர்வது இதனால்தான். டெல்லியில் ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போவதில்லை. நம் ஊரிலோ நான்கு மாதங்களுக்கு மேல் தெற்குச் சாய்வே இழப்பைத் தருகிறது.

இழப்பின் அளவை எளிதாகக் கணக்கிடலாம். பேனலுக்குச் செங்குத்தான திசைக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள கோணத்தின் கோசைன் மதிப்பே நேரடி ஒளியில் நமக்குக் கிடைக்கும் பங்கு. ஜூனில் 10 பாகைச் சாய்வுக்கு அது 0.92, 20 பாகைக்கு 0.83, 30 பாகைக்கு 0.73. ஆகவே குளிர்காலத்துக்காக 30 பாகைக்கு ஏற்றிய சட்டத்தை இறக்க மறந்துவிட்டால், 10 பாகையில் கிடைத்திருக்கக்கூடிய நண்பகல் நேரடி ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது.

டிசம்பருக்கு இதே கணக்கைப் போட்டால் 10 பாகைக்கு 0.92, 20 பாகைக்கு 0.97, 30 பாகைக்கு ஏறத்தாழ 1 என்று வரும். 10-இலிருந்து 20-க்கு ஏற்றினால் 6 விழுக்காடு கூடுகிறது. அங்கிருந்து 30-க்கு ஏற்றினால் மேலும் இரண்டரை விழுக்காடு மட்டுமே கிடைக்கிறது. மேகம் மூடிய வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி வருவதால் அந்தச் சிறு ஆதாயமும் பெரும்பாலும் கரைந்துவிடும். அதனால் 10 பாகை அட்சரேகையை ஒட்டிய ஊர்களில் 10, 20 என்ற இரண்டு நிலைகளே போதும் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவது நிலைக்காகச் சட்டத்தையும் அடித்தளத்தையும் பெரிதாக்கும் செலவு திரும்பி வராது. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரை 20 பாகையும் மற்ற மாதங்களில் 10 பாகையும் பொருந்தும். நாகர்கோவில் போன்ற 8 பாகை ஊரிலும் 10-க்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. அதற்கும் குறைந்த சாய்வில் மழைநீர் கீழ்விளிம்பில் தேங்கி, காய்ந்தபின் ஒரு சேற்றுக்கோட்டை விட்டுச் செல்லும்.

கோடையில் காணும் குறைவு முழுவதற்கும் சாய்வையே குற்றம் சொல்லிவிடக் கூடாது. பேனல் 65 பாகை செல்சியஸுக்குச் சூடானால், 25 பாகைக்கு மேலான ஒவ்வொரு பாகைக்கும் 0.35 விழுக்காடு வீதம் திறன் குறைந்து 14 விழுக்காடு வரை இழப்பு ஏற்படும். காலையில் சரியாக இருந்து, வெயில் ஏற ஏற மட்டும் எதிர்பார்ப்பைவிடக் குறைந்தால் அது வெப்பத்தின் விளைவு. சாய்வைத் திருத்தினாலும் அது போகாது.

அறிகுறி: காலையிலோ மாலையிலோ உற்பத்தி திடீரெனப் பாதியாகிறது

பாதி செல் வகைப் பேனல்களில் மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியே இயங்குகின்றன. நீளவாட்டமாக நிறுத்திய பேனலின் கீழ்விளிம்பில் ஒரு கோடு நிழல் விழுந்தாலும் கீழ்பாதி படுத்துவிடும், மேல்பாதி மட்டும் உழைக்கும். இந்தக் கோளாறு டிசம்பரில் மட்டும் வந்தால் தெற்குக் கைப்பிடிச்சுவரைப் பாருங்கள். சட்டத்தை 20 பாகைக்கு ஏற்றும்போது கீலுக்குத் தெற்கே நீண்டிருக்கும் பகுதி கீழே இறங்கும். கீழ்விளிம்பு தரையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். கைப்பிடிச்சுவர் 900 மில்லிமீட்டர் உயரமானால், டிசம்பர் 21 அன்று சூரிய நேரப்படி காலை எட்டு மணிக்கு அந்த உயரத்தில் சுவரின் நிழல் வடக்கே 920 மில்லிமீட்டர் வரை நீளும். எனவே சுவருக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே ஒரு மீட்டர் விட்டால் எட்டு மணி முதல் நான்கு மணி வரை நிழல் தொடாது. இடம் இல்லாவிட்டால் கீலின் உயரத்தைக் கூட்டுவதைவிடச் சட்டத்தை வடக்கே நகர்த்துவதே மேல். உயரம் கூடினால் காற்றின் பிடியும் கூடும்.

காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாடு ஆண்டு முழுவதும் சீராக, சிறிய அளவில் மட்டும் இருந்தால் அது திசையின் விளைவு. திசைகாட்டியை இரும்புச் சட்டத்தின் அருகே வைத்துப் பார்க்காதீர்கள். கம்பி கட்டிய தளமும் குழாயும் முள்ளைத் திருப்பிவிடும். மதுரையில் சூரிய நண்பகல் டிசம்பர் 21 அன்று ஏறத்தாழ 12.16 மணிக்கு வருகிறது. அப்போது தூக்குக்குண்டு நூலின் நிழல் விழும் கோடே உண்மையான வடக்கு தெற்கு. இதில் ஓர் ஆறுதலும் உண்டு. 10 பாகைச் சாய்வில் திசை 20 பாகை தவறினாலும் இழப்பு மிகச் சிறியது. ஆகவே வீடு சற்றுத் திரும்பியிருந்தால் சட்டத்தைச் சுவருக்கு இணையாகவே வைத்துவிடலாம்.

அறிகுறி: துளை சரியான இடத்தில் இருந்தும் சாய்வு மாறுபடுகிறது, அல்லது ஏற்றும்போது கீல் இறுகுகிறது

மொட்டை மாடியின் மேல்தளம் மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிந்திருக்கும். அறுபதுக்கு ஒன்று என்ற சரிவே ஏறத்தாழ ஒரு பாகை ஆகிவிடும். ஆகவே அளவைத் தரையிலிருந்து எடுக்காமல், ரசமட்டத்தையோ கைபேசியின் சாய்வுமானியையோ பேனலின் அலுமினியச் சட்டத்தில் வைத்து எடுக்க வேண்டும். ஒரு பாகை தவறியிருந்தால் உற்பத்தியில் வேறுபாடே தெரியாது, அதை விட்டுவிடலாம்.

விட்டுவிடக் கூடாதது முறுக்கம். நான்கு பாதங்களில் ஒன்று தாழ்ந்திருக்க, போல்ட்டை இறுக்கி அதைச் சமன்செய்தால், அந்த விசை முழுவதும் பேனலின் கண்ணாடிக்கும் செல்களுக்கும் போகும். செல்களில் விழும் நுண்விரிசல் கண்ணுக்குத் தெரியாது, சில ஆண்டுகள் கழித்தே உற்பத்தியில் தெரியும். கண்டுபிடிக்கும் வழி எளியது. சட்டத்தின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நடுவில் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் ஒரு மூலை 10 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று பொருள். கிளாம்புகளை முழுவதும் தளர்த்தி, தாழ்ந்த பாதத்தின் தகட்டுக்கு அடியில் சுருங்காத சிமெண்ட் கலவையை நிரப்பி, அது இறுகிய பின்னரே மீண்டும் பூட்ட வேண்டும்.

ஏற்றும்போது பாதி வழியில் கீல் இறுகினால் இரண்டு கீல்களும் ஒரே கோட்டில் இல்லை என்பது உறுதி. கீல்களின் துளையுள்ள இரண்டு காதுகளின் வழியாகவும் ஒரே நீளக் கம்பியை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் துளையைப் பெரிதாக்குவதில் பயனில்லை, சட்டம் ஆடத்தான் செய்யும். காதை வெட்டி எடுத்து, கம்பியை உள்ளே விட்டபடியே மறுபடி வெல்டிங் செய்வதுதான் தீர்வு. வெல்டிங் செய்த இடத்திலும் புதிதாகத் துளைத்த விளிம்பிலும் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால், துத்தநாகம் நிறைந்த பெயிண்டை அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

அறிகுறி: பின்கால் ஆடுகிறது, காற்றில் கடகடவென்று ஒலிக்கிறது

50 மில்லிமீட்டர் சதுரக் குழாய்க்குள் 40 மில்லிமீட்டர் குழாயை நுழைப்பதே வழக்கம். வெளிக்குழாயின் கனம் 3 மில்லிமீட்டர் என்றால் உள்ளே 44 மில்லிமீட்டர் வெளி இருக்கும். மிஞ்சும் 4 மில்லிமீட்டரில்தான் ஆட்டம் பிறக்கிறது. ஒரே போல்ட்டைக் கடுமையாக இறுக்கினால் குழாயின் சுவர் குழிந்துபோகும், சில வாரங்களில் ஆட்டம் திரும்பி வரும். இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் தகடு வைத்து இடைவெளியை அடைத்து, ஒன்றுக்கொன்று 150 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு போல்ட்டுகள் போட்டால் கால் ஒரே குழாய் போல நிற்கும்.

குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு நுழைந்திருக்கின்றன என்பதையும் அளக்க வேண்டும். உள்குழாயின் அகலத்தைப் போல் மூன்று மடங்காவது, அதாவது 120 மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். நம் சட்டத்தில் இரண்டு குழாய்களும் 530 மில்லிமீட்டர் நீளம் என்று கொண்டால், 20 பாகையில் 281 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். யாராவது ஆசைப்பட்டு 30 பாகைக்கு ஒரு துளை போட்டால் கால் 1005 மில்லிமீட்டர் நீள வேண்டியிருக்கும், உள்ளே 55 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அந்த நிலையில் இரண்டாவது போல்ட்டுக்கு இடமே இருக்காது. ஆட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் காரணம் வேறு: இரண்டு பின்கால்களுக்கும் இடையே மூலைவிட்டத் தாங்கி இல்லை.

அறிகுறி: ஏற்றி இறக்கிய பின் இணைப்பு அறுகிறது, அல்லது சட்டத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

ஷாக் அடித்தால் சட்டத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். பெயிண்ட் அடித்த கீலும் துருப்பிடித்த போல்ட்டும் எர்த் இணைப்பைக் கடத்தும் என்று நம்ப முடியாது. பேனலின் அலுமினியச் சட்டத்திலிருந்து அசையாத பாதத்துக்கு வளையும் செம்புக் கம்பி ஒன்று தனியாகப் போக வேண்டும், பாதத்திலிருந்து எர்த் குழிக்குத் தொடர்ச்சி இருக்க வேண்டும். கேபிள்களைக் கீல் பக்கமாக வெளியே எடுத்தால் ஏற்றும்போது அவை இழுபடுவது குறைவு. பின்கால் வழியாக இறக்கிய கேபிள்தான் இணைப்பில் அறுகிறது.

அறிகுறி: பலத்த காற்றுக்குப் பிறகு பாதத்தைச் சுற்றி விரிசல் தெரிகிறது, கட்டை நகர்ந்திருக்கிறது

மற்ற கோளாறுகளில் இழப்பு யூனிட்டில் முடியும். இதிலோ 28 கிலோ கண்ணாடி பக்கத்து வீட்டில் போய் விழக்கூடும். கான்கிரீட் கட்டைகளைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். காற்றுக்குப் பின் கோட்டுக்கும் கட்டைக்கும் இடையே இடைவெளி தெரிந்தாலோ, பின்கட்டையின் அடியில் ஒரு காகிதம் நுழைந்தாலோ, சட்டம் ஒருமுறை எழும்பி அமர்ந்திருக்கிறது.

பாதத்தை எதில் பொருத்தியிருக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர் மாடிகளில் தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம் இருக்கும். அதற்கும் கீழேதான் கான்கிரீட். 75 அல்லது 100 மில்லிமீட்டர் நீள ஆங்கர் போல்ட் பெரும்பாலும் அந்தச் சுருக்கியிலேயே நின்றுவிடும். அதற்கு இழுவிசையைத் தாங்கும் வலிமை கிடையாது, போதாததற்குத் துளை வழியே நீரும் இறங்கும். அப்படிப் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, துளையை நன்றாக அடைத்து, எடைக்கட்டைக்கு மாறுவதே என் பரிந்துரை.

கட்டையின் எடையை இப்படிக் கணக்கிடலாம். இந்தியத் தர நெறி மதுரைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 913 நியூட்டன். பேனலின் பரப்பு 2.58 சதுர மீட்டர். திறந்த ஒற்றைச் சரிவுக் கூரையை மேல்நோக்கி இழுக்கும் விசைக்கு ஐரோப்பிய நெறி தரும் குணகம் 10 பாகைக்கு 0.9, 20 பாகைக்கு 1.3, 30 பாகைக்கு 1.8. ஆகவே 20 பாகையில் இழுவிசை ஏறத்தாழ 312 கிலோ எடைக்குச் சமம், ஒன்றரை மடங்கு பாதுகாப்புடன் 468.

இனிதான் பலரும் தவறும் இடம். வடக்கிலிருந்து அடிக்கும் காற்றின் விசை பேனலின் நடுவில் குவிவதில்லை. காற்று வரும் விளிம்பிலிருந்து நீளத்தின் கால் பங்கில் குவிகிறது. நம் அளவுகளில் அந்த இடம் பின்கால்களுக்கு மிக அருகில் இருப்பதால் பத்தில் ஒன்பது பங்கு அவற்றின் மேலேயே விழும். முன்கட்டையில் எவ்வளவு எடை வைத்தாலும் அது பின்காலுக்கு உதவாது. 468-இல் பத்தில் ஒன்பது பங்கு 421. பேனலும் சட்டமும் சேர்ந்து 63 கிலோ என்று கொண்டு அதில் பாதியைக் கழித்தால் 390. ஆக ஒவ்வொரு பின்கட்டையும் 195 கிலோ இருக்க வேண்டும். 500 × 500 × 350 மில்லிமீட்டர் கான்கிரீட் கட்டை 210 கிலோ வரும். இதே கணக்கில் 10 பாகைக்கு ஒவ்வொன்றும் 130 கிலோ, 30 பாகைக்கு 275 கிலோவுக்கு மேல். இரண்டரை விழுக்காடு ஒளிக்காக மாடியில் மேலும் 160 கிலோ ஏற்றுவது நியாயமில்லை என்று நான் முன்பு சொன்னதன் காரணம் இதுதான்.

நெறியில் சென்னைக்கு வேகம் 50 மீட்டர். விசை 1.64 மடங்காவதால் அங்கே 10 பாகைக்கே ஒவ்வொரு பின்கட்டையும் 225 கிலோ வேண்டும். சட்டத்தின் அடியில் பழைய பொருட்களை அடைத்து வைப்பதும் ஆபத்தானது. காற்று வெளியேற வழியின்றி 10 பாகையிலும் குணகம் 1.4-க்கு உயரும். விசை சாய்ந்து இழுப்பதால் கட்டைகள் தெற்கே வழுக்கவும் பார்க்கும், உராய்வு மட்டும் அதைத் தடுக்கப் போதாது. முன்பின் கட்டைகளைத் தரைச்சட்டத்தால் இணைத்துக் காரைப் படுக்கையில் பதிக்க வேண்டும். இவ்வளவு எடையும் தளத்தின் நடுவில் இருக்கக் கூடாது. கட்டைகள் சுவர் அல்லது உத்தரத்தின் மேல் அமைகின்றனவா என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேலே உள்ளது எளிமைப்படுத்திய கணக்கு. உயர்ந்த கட்டடத்துக்கும் கடற்கரை வெளிக்கும் அவர் இதைத் திருத்துவார்.

கடைசியாக நாட்காட்டியைப் பாருங்கள். சாய்வை ஏற்றச் சொல்லும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களே நம் கடற்கரையின் புயல் மாதங்களும். கஜா 2018 நவம்பர் 16 அன்றும், வர்தா 2016 டிசம்பர் 12 அன்றும், தானே 2011 டிசம்பர் 30 அன்றும் கரையைக் கடந்தன. ஆகவே நாகப்பட்டினம், கடலூர் போன்ற ஊர்களில் ஆண்டு முடியும் வரை 10 பாகையிலேயே வைத்திருந்து, ஜனவரியில் ஏற்றி மார்ச் முதல் வாரத்தில் இறக்கலாம். உள்நாட்டில் 20 பாகைக்கு ஏற்றியிருந்தாலும், புயல் எச்சரிக்கை வந்ததும் காற்று எழுவதற்கு முன்பே இருவராகச் சென்று இறக்கிவிட வேண்டும். ஒருவர் மேல்விளிம்பைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் ஒரு காலின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி 10 பாகைத் துளையில் மாட்டி இறுக்கிய பிறகே அடுத்த காலைத் தொட வேண்டும் என்று சொல்வார்கள். அது இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் ஒரு கால் நீண்டும் மறுகால் சுருங்கியும் நின்றால் பேனல் முறுகும். கால்களை நம்பாமல், பின்கால்கள் தாங்கும் மேல்சட்டத்துக்கு அடியில் 10 பாகை உயரத்துக்கு வெட்டிய இரண்டு மரக்கட்டைகளை முதலில் நிறுத்தி, ஒருவர் மேல்விளிம்பைத் தாங்கிக்கொள்ள, இரண்டு கால்களின் போல்ட்டுகளையும் கழற்றி, சட்டத்தை மெதுவாக அந்தக் கட்டைகளின் மேல் இறக்கி, அதன்பின் நான்கு போல்ட்டுகளையும் பூட்டுங்கள். காற்று ஏற்கெனவே எழுந்துவிட்டால் சட்டத்தில் கை வைக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.